கபடி விதிநூல் தமிழில்: கிராமத்துப் பயிற்சியாளருக்கு எந்த வழி உதவும்?

பள்ளிகளுக்கிடையிலான கபடிப் போட்டிகளுக்கு மாணவர்களை அழைத்து வருபவர்களில் உடற்கல்வி ஆசிரியர்கள் ஒரு பகுதிதான். பல ஊர்களில் அந்த ஊரின் பழைய ஆட்டக்காரர் ஒருவரே மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அவருக்குக் கபடி உடம்போடு ஒட்டியது. கணுக்காலை எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. தேவைப்படுவது வேறு. நடுவர் விசில் ஊதிய பிறகு என்ன நடந்தது, யாருக்கு எத்தனை புள்ளி, யார் வெளியே, அடுத்து யார் ரைடு, முறையிட இடமுண்டா என்பது அவருக்கு உடனே விளங்க வேண்டும். இவை அனைத்தும் இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பின் விதிநூலில் இருக்கின்றன. ஆனால் ஆங்கிலத்தில் இருக்கின்றன.

அதைத் தமிழாக்க முன்வரும் உடற்கல்வி ஆசிரியர்கள் முதல் கூட்டத்திலேயே மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். கலைச்சொற்கள் உட்பட எல்லாவற்றையும் தமிழாக்குவது முதல் வழி. கலைச்சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு வாக்கியங்களை மட்டும் தமிழாக்குவது இரண்டாவது. களத்தில் நடுவர் வாய்விட்டுச் சொல்லும் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தமிழில் விளக்கி எழுதுவது மூன்றாவது. நான் மூன்றாவது வழியின் பக்கம் நிற்கிறேன். ஆனாலும் மற்ற இரண்டும் சில இடங்களில் அதைவிட நன்றாக வேலை செய்கின்றன. அந்த இடங்களைத் தெரிந்துகொள்ளாமல் மூன்றாவதை எடுத்தால் அதுவும் குழப்பத்தில்தான் முடியும்.

முழுத் தமிழாக்கத்தை முதலில் பார்ப்போம். அளவுகளுக்கும் உடல் அசைவுகளுக்கும் இதற்கு இணையான வழி இல்லை. ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். நடுக்கோடு, எல்லைக்கோடு, பின்கோடு, காலால் கத்தரி போடுதல், வாயைப் பொத்துதல், கழுத்தை நெரித்தல் என எல்லாவற்றுக்கும் தமிழில் பழகிய சொல் இருக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் எண்ணெய் தடவியிருக்கக் கூடாது, நகை அணிந்திருக்கக் கூடாது என்பவற்றை எந்த ஊர்ப் பயிற்சியாளரிடமும் ஒரே வாசிப்பில் சேர்த்துவிடலாம்.

இந்த வழி உடைவது தண்டனைப் பகுதியில்தான். ஆங்கில மூலத்தில் ஓர் ஆட்டக்காரர் களத்தை விட்டுப் போக மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, அவர் அவுட். அவருடைய அணி எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால், வெளியேறிய வரிசைப்படி அவர் திரும்ப உள்ளே வரலாம். இரண்டாவது, மஞ்சள் அட்டை பெற்று இரண்டு நிமிடம் வெளியே உட்கார்வது. தன் அணி எத்தனை புள்ளி எடுத்தாலும் அந்த இரண்டு நிமிடம் முடியும்வரை அவர் வர முடியாது. மூன்றாவது, சிவப்பு அட்டை பெற்று அந்த ஆட்டம் முழுவதற்கும் நீக்கப்படுவது. பின்னிரண்டிலும் அவருக்குப் பதிலாக மாற்று ஆட்டக்காரரை இறக்க முடியாது. அணி ஓர் ஆள் குறைவாகவே ஆட வேண்டும்.

தனித்தமிழில் மொழிபெயர்ப்பவரின் கை இந்த மூன்றுக்கும் இயல்பாகவே ‘வெளியேற்றப்படுவார்’ என்று எழுதிவிடும். அச்சில் அது அழகாகவே இருக்கும். ஆனால் மஞ்சள் அட்டை வாங்கிய மாணவனைப் பார்த்துப் பயிற்சியாளர், ‘அடுத்த பிடியில் ஓர் ஆளை எடுத்தால் இவன் உள்ளே வந்துவிடுவான்’ என்று கணக்குப் போடுவார். அந்த நம்பிக்கையில் அவசரப்பட்டுப் பிடிக்கச் சொல்லுவார். ஒரு சொல் மூன்று வேலை செய்ததன் விலை அது. இங்கே மூன்று தனித்தனிச் சொற்கள் கட்டாயம் வேண்டும். ‘அவுட்’ என்பதை அப்படியே விட்டுவிடலாம். அதைத் தெரியாத பிள்ளை எந்த ஊரிலும் இல்லை. மஞ்சள் அட்டைக்கு ‘இரண்டு நிமிட இடைநிறுத்தம்’, சிவப்பு அட்டைக்கு ‘ஆட்ட நீக்கம்’ என்று வைத்துக்கொண்டு, நூலின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அவற்றை மாற்றாமல் எழுத வேண்டும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று நடைக்காக இன்னொரு சொல்லை இடுவது கதை எழுதுபவருக்குப் பொருந்தும். விதிநூலில் சொல் மாறினால் படிப்பவர் விதியே வேறு என்று நினைத்துக்கொள்வார்.

நடுவர்கள் விஷயத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. கபடியில் ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர்கள், ஒரு ஸ்கோரர், இரண்டு துணை ஸ்கோரர்கள் உண்டு. ரெஃப்ரி, அம்பயர் இரண்டையும் நாம் வழக்கத்தில் ‘நடுவர்’ என்றே சொல்கிறோம். மூலத்தில் ஒரு விதி, பொதுவாகக் களத்தில் உள்ள அம்பயர்களின் முடிவே இறுதியானது என்றும், அவர்கள் இருவரும் ஒத்துப்போகாதபோதும் சிறப்பான சூழ்நிலைகளிலும் ரெஃப்ரி முடிவு சொல்லலாம் என்றும் கூறுகிறது. இதை ‘நடுவர்களின் முடிவே இறுதியானது, நடுவர்களுக்குள் கருத்து வேறுபட்டால் நடுவர் முடிவு செய்வார்’ என்று எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்? முறையீட்டை யாரிடம் கொண்டுபோவது என்பதே இந்த விதியில்தான் இருக்கிறது. ‘கள நடுவர்’, ‘தலைமை நடுவர்’ என்று பிரித்துவிட்டால் போதும், விதி தானாகவே பேசும். இதற்கு ஆங்கிலச் சொல் தேவைப்படவில்லை.

இரண்டாவது வழி, அதாவது கலைச்சொற்களைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதுவது, எல்லாவற்றிலும் விரைவானது. ஒரு வார இறுதியில் வரைவு முடிந்துவிடும். தொலைக்காட்சியில் புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியபின் ரைடு, ரைடர், போனஸ், டேக்கிள் எல்லாம் ஊர்ப் பிள்ளைகளின் வாயில் சரளமாக வருகின்றன. நடுவரும் களத்தில் அவற்றைத்தான் சொல்கிறார். காதில் கேட்ட சொல்லும் தாளில் படிக்கும் சொல்லும் ஒன்றாக இருப்பது பயிற்சியாளருக்குப் பெரிய வசதி. லோனாவையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். எதிரணியின் எல்லா ஆட்டக்காரர்களையும் வெளியேற்றியதற்காகக் கிடைக்கும் கூடுதல் இரண்டு புள்ளிகளைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்குப் புதிதாக ஒன்றை உருவாக்கினால் அது அச்சிட்ட தாளிலேயே கிடக்கும்.

ஆனால் விதிநூலின் எல்லாச் சொற்களும் நடுவர் வாயில் வருபவை அல்ல. ரைடு வாங்கும் பக்கத்தில் நிற்கும் ஒவ்வொருவரையும் மூலம் ‘ஆன்டி’ என்ற பெயரால் குறிக்கிறது. களத்தில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. தமிழ் எழுத்தில் எழுதினால் படிப்பவருக்கு வேறு உறவுமுறை நினைவுக்கு வரும். ‘பிடிப்பவர்’ என்று வைத்தாலும் முழுப்பொருள் வராது. பிடிக்காமல் மூலையில் நிற்பவருக்கும் அந்த விதிகள் பொருந்தும். நாளிதழ்கள் எழுதும் ‘தடுப்பாட்டக்காரர்’ இங்கே சரியாக உட்காருகிறது.

இதைவிடச் சிக்கலானது ‘ஸ்ட்ரகிள்’. களத்தின் இரு பக்கங்களிலும் 1 மீட்டர் அகலத்தில் லாபி என்னும் பட்டை இருக்கிறது. சாதாரண நேரத்தில் அது களத்துக்கு வெளியே. ரைடரும் தடுப்பாட்டக்காரரும் தொட்டுக்கொண்ட கணத்தில் அது களத்தின் பகுதியாகிறது. மூலம் இந்தத் தொடுதலில் தொடங்கும் நிலைக்குத்தான் அந்தப் பெயரை வைத்திருக்கிறது. ‘ஸ்ட்ரகிள் தொடங்கியவுடன் லாபி பிளே ஃபீல்டில் சேர்க்கப்படும்’ என்று எழுதினால் வாக்கியத்தில் தமிழ் எழுத்து மட்டுமே இருக்கிறது, பொருள் இல்லை. முதல் வழிக்காரர் ‘போராட்டம் தொடங்கும்போது பக்கப்பகுதி ஆடுகளமாகக் கருதப்படும்’ என்று எழுதுவார். இது இன்னும் ஆபத்து. போராட்டம் என்றால் இழுபறி, கட்டிப்பிடித்து மல்லுக்கட்டுவது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். விரல் நுனி பட்டாலே லாபி திறந்துவிடுகிறது என்பது அவருக்குத் தெரியாமலே போகும். பக்கவாட்டில் ஓடித் தப்பிய ரைடரை நடுவர் ஏன் அவுட் கொடுக்கவில்லை என்று அவர் மேசைக்கு வந்து கேட்பார்.

மூன்றாவது வழியில் இதே விதி இப்படி வரும்:

‘ரைடரும் தடுப்பாட்டக்காரர் எவரேனும் ஒருவரும் ஒருவரையொருவர் தொட்ட கணத்திலிருந்து லாபியும் களமாகும். சிறு தொடுதலும் கணக்கில் சேரும். தொடுதல் நடக்கும் முன் லாபியில் கால் வைத்த ரைடர் அவுட். தொடுதல் நடக்கும் முன் லாபியில் கால் வைத்த தடுப்பாட்டக்காரரும் அவுட்.’

மூலத்தில் சுருங்கச் சொன்னது இங்கே நான்கு வாக்கியமாகிவிட்டது. மூன்றாவது வழியின் விலை இதுதான்: நூல் பருக்கும், வேலை நீளும், மொழிபெயர்ப்பவருக்கு ஆட்டமும் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்து கபடி ஆடாத ஒருவரிடம் இதைத் தனியாகக் கொடுக்க முடியாது. முதல் இரண்டு வழிகளுக்கு அவர் போதுமானவர். இதற்கு அவர் பக்கத்தில் ஓர் அம்பயரும் உட்கார வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்ய முடியாத குழு, அரைகுறையாக விளக்கி எழுதுவதைவிட இரண்டாவது வழியிலேயே போய், நூலின் முடிவில் நல்ல சொல் விளக்கப் பட்டியல் ஒன்றைச் சேர்ப்பது மேல்.

விளக்கி எழுதுவதில் இன்னோர் ஆபத்து, விதியில் இல்லாததைச் சேர்த்துவிடுவது. பாக் லைனைக் கடப்பதை எடுத்துக்கொள்வோம். ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரிலும், பெண்கள் களத்தில் 3 மீட்டரிலும் இந்தக் கோடு இருக்கிறது. யாரையும் தொடாமல் திரும்பும் ரைடர் ஒருமுறையாவது இதைக் கடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவுட். ‘கோட்டைத் தாண்ட வேண்டும்’ என்று எழுதினால் ஒரு காலை அந்தப் பக்கம் வைத்தால் போதும் என்று தோன்றும். விதி கேட்பது அதற்கும் மேல்: கோட்டுக்கு அப்பால் உடலின் ஏதாவது ஒரு பாகம் தரையில் பட்டிருக்கும் அதே நேரத்தில், கோட்டுக்கு இந்தப் பக்கம் உடலின் எந்தப் பாகமும் தரையைத் தொடக் கூடாது. ‘முன்கால் கோட்டுக்கு அப்பால் ஊன்றியிருக்கும்போது பின்கால் தரையைவிட்டு எழும்பியிருக்க வேண்டும்’ என்பது இதன் நல்ல தமிழ் வடிவம். இதோடு நிறுத்திவிட வேண்டும். ‘இரண்டு கால்களும் கோட்டைத் தாண்ட வேண்டும்’ என்று இன்னும் எளிமையாக்கினால் அது புது விதி. அதை நம்பிய மாணவன் தேவையில்லாமல் ஓரடி உள்ளே போய்ப் பிடிபடுவான்.

தண்டனைப் பகுதியில் எந்த வழியை எடுத்தாலும் ஒரு பிரிப்பைச் செய்தே தீர வேண்டும். சில தவறுகளுக்குத் தண்டனை விதியிலேயே முடிவாகிவிட்டது. சிலவற்றுக்கு நடுவரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. ரைடர் பாட்டைத் தாமதமாகத் தொடங்கினால், அதாவது எதிர்க்களத்தை மிதித்த பிறகு கபடி சொல்லத் தொடங்கினால், அவரைத் திருப்பி அனுப்பி எதிரணிக்கு ஒரு டெக்னிக்கல் புள்ளியும் ரைடு வாய்ப்பும் கொடுப்பார்கள். அவர் அவுட் இல்லை. எதிர்க்களத்தில் நடுவே பாட்டை விட்டுவிட்டால் அவுட். இரண்டிலும் எதிரணிக்குக் கிடைப்பது ஒரு புள்ளிதான் என்பதால் மொழிபெயர்ப்பில் இவை எளிதாக ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் அவுட்டுக்கு எதிரணியில் ஓர் ஆள் திரும்ப உள்ளே வருவார். டெக்னிக்கல் புள்ளிக்கு வரமாட்டார். ஆள் குறைந்து நிற்கும் அணிக்கு அந்த வேறுபாடு பெரிது.

வெளியிலிருந்து குரல்கொடுத்துப் பயிற்சியளிப்பது, நடுவரோடு தொடர்ந்து வாதிடுவது, ரைடைத் தொடங்க ஐந்து நொடிக்கு மேல் எடுப்பது, ரைடரின் வாயைப் பொத்துவது, காயம்படும்படி முரட்டுத்தனமாகப் பிடிப்பது ஆகியவை வேறு வகை. இவற்றுக்கு நடுவர் எச்சரிக்கலாம், எதிரணிக்குப் புள்ளி கொடுக்கலாம், இடைநிறுத்தலாம், நீக்கவும் செய்யலாம். தமிழில் ‘எச்சரிக்கப்படுவார் அல்லது புள்ளி வழங்கப்படும் அல்லது நீக்கப்படுவார்’ என்று செயப்பாட்டில் அடுக்கினால், முதல்முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை புள்ளி, மூன்றாம் முறை நீக்கம் என்று ஒரு படிவரிசை இருப்பதாகத் தோன்றும். ‘முதல் தவறுக்கே எப்படிச் சிவப்பு அட்டை?’ என்ற சண்டை அங்கிருந்து பிறக்கிறது. ‘தவறின் கடுமையைப் பார்த்து நடுவர் இவற்றில் எதையும் கொடுக்கலாம், இந்த வரிசையில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை’ என்று வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். இந்த ஒரு வரியை மூலத்துக்கு வெளியே சேர்த்த குறிப்பு என்று காட்ட, வேறு எழுத்துருவில் போடலாம்.

ஆகவே தண்டனைகளைப் பத்தியாக எழுதாமல் அட்டவணையாகப் போடுவதே நல்லது. என்ன தவறு, யார் முடிவு செய்வார், அந்த ஆட்டக்காரருக்கு என்ன ஆகும், எதிரணிக்கு என்ன கிடைக்கும், ஆள் உள்ளே வருவாரா, அடுத்து யார் ரைடு என ஒவ்வொரு வரியிலும் எல்லாக் கட்டங்களும் நிரம்ப வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் மொழிபெயர்ப்பவருக்கே அந்த விதி இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். அப்போது அம்பயரிடம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

எந்த வழியில் எழுதினாலும் வரைவைச் சோதிக்க ஒரே முறைதான் உண்டு. பயிற்சியாளரிடம் பக்கத்தைக் கொடுத்து, ‘புரிகிறதா அண்ணே?’ என்று கேட்டால் ‘புரிகிறது தம்பி’ என்றுதான் சொல்லுவார். அப்படிக் கேட்பதை விட்டுவிட்டு ஓர் ஆட்டச் சூழலைக் கொடுத்துக் கணக்குக் கேட்க வேண்டும். நான் விரும்பிக் கேட்கும் கேள்வி இது: ‘தடுக்கும் பக்கத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள், ஒருவர் வெளியே. ரைடு போகும் அணியில் ஏற்கெனவே இரண்டு பேர் வெளியே. ரைடர் போனஸ் கோட்டை முறைப்படி கடந்துவிட்டார். திரும்பும்போது பிடிபட்டார். இப்போது யார் யாருக்கு எத்தனை புள்ளி? களத்தில் எத்தனை பேர்?’

சரியான விடை: ஆறு பேர் இருப்பதால் போனஸ் செல்லும், ரைடர் அணிக்கு ஒரு புள்ளி. ஆனால் போனஸ் புள்ளிக்கு ஆள் உள்ளே வருவதில்லை. ஆகவே அவர்கள் பக்கத்தில் இருவர் வெளியே இருந்தது இப்போது மூவராகிறது, களத்தில் நால்வர். ரைடர் பிடிபட்டதால் எதிரணிக்கும் ஒரு புள்ளி. அவர்களுடைய ஒருவர் உள்ளே வந்து ஏழு பேரும் களத்தில் நிற்கிறார்கள்.

போனஸ் புள்ளிக்கும் ஓர் ஆளை உள்ளே கொண்டுவந்து ‘ஐந்து பேர்’ என்று பயிற்சியாளர் சொன்னால், போனஸ் விதியின் தமிழ் வாக்கியத்தில் குறை இருக்கிறது. ‘பிடிபட்டுவிட்டாரே, போனஸ் ஏது?’ என்று கேட்டால் வேறொரு வாக்கியத்தில் குறை. ஆறு பேரா, ஏழு பேரா என்று அவர் திணறினால் எண்ணிக்கை விதி எங்கோ பத்திக்குள் புதைந்திருக்கிறது. தவறான விடை எந்த வாக்கியத்திலிருந்து வந்தது என்று அவரையே படித்துக் காட்டச் சொன்னால், திருத்த வேண்டிய இடம் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டாவது வழியில் எழுதிய வரைவை இளைஞர்கள் நன்றாகவே கடந்துவிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் திணறுவார்கள். முதல் வழியில் இது தலைகீழாக நடக்கும். ‘பாடிப் போகிறவர்’ என்றால் பெரியவர்களுக்கு உடனே விளங்குகிறது, மாணவர்கள் ஒரு கணம் யோசிக்கிறார்கள். அதனால் ‘ரைடர்’ முதன்முதலாக வரும் இடத்தில் மட்டும் ‘பாடிப் போகிறவர்’ என்பதையும் பக்கத்தில் எழுதிவிட்டால் இரண்டு தலைமுறைக்கும் ஆகும்.

தொலைக்காட்சிப் போட்டிகளில் கேட்கும் விதிகளைப் பற்றியும் ஒரு பக்கம் தேவை. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் கிடைக்கும் சூப்பர் டேக்கிள் கூடுதல் புள்ளி, இரண்டு வெறும் ரைடுக்குப் பின் வரும் டூ ஆர் டை ரைடு ஆகியவற்றைப் பயிற்சியாளர்கள் திரையில் பார்த்தே தெரிந்துவைத்திருக்கிறார்கள். பள்ளிப் போட்டிக்கு அவை உண்டா என்பதை அந்த ஆண்டு அந்தப் போட்டியை நடத்துபவர்கள் பின்பற்றும் விதிநூலே சொல்லும். மொழிபெயர்ப்பு, தான் எந்த ஆண்டுப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்பதை அட்டையிலேயே காட்டி, அந்தப் பதிப்பில் உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும்.

விதி எண்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றக் கூடாது. விளக்கி எழுதும்போது ஒரு விதி இரண்டு பத்தியாகும், வரிசையை மாற்றினால் படிக்க எளிதாக இருக்குமே என்ற ஆசையும் வரும். பயிற்சியாளர் மேசைக்கு வந்து முறையிடும்போது அங்கே இருப்பது ஆங்கில நூல். தமிழில் பன்னிரண்டாவது விதி ஆங்கிலத்திலும் பன்னிரண்டாவதாக இருந்தால் அவர் விரலை வைத்துக் காட்டலாம். எதிரே இருப்பவர் ஆங்கிலத்தில் அதே இடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் முரண் வந்தால் ஆங்கில மூலமே செல்லும் என்று முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் தமிழ்ப் பிரதியை நம்பி வாதிட்ட பயிற்சியாளர்தான் மேசைக்கு முன் தலைகுனிய நேரும்.

போட்டிகள் தொடங்க ஒரு மாதமே இருக்கும் நிலையில் குழுவால் முழு நூலையும் முடிக்க முடியாது. அப்போது தண்டனை அட்டவணை, மூன்று வகை வெளியேற்றம், லாபி, பாக் லைன், போனஸ் ஆகியவற்றை மட்டும் மூன்றாவது வழியில் எழுதி, கள வரைபடத்தோடு ஒரே தாளின் இரு பக்கங்களிலும் அச்சிட்டு முதலில் கொடுத்துவிடலாம். பயிற்சியாளர் அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொள்வார். அணிப் பதிவு, உடை, நடுவர் கடமைகள் போன்ற மற்றப் பகுதிகளை அடுத்த பருவத்துக்குள் முடிக்கலாம். அவற்றுக்கு முதல் வழியே போதும்.